சீன மொழிப் பயிற்சித்தாளில் கோடிட்ட இடம்: அளவைச் சொல்லையும் சொல் வரிசையையும் பிடிப்பது எப்படி

முதலாண்டு மாண்டரின் பயிற்சித்தாளை விரித்தால் இரண்டு வகைக் கேள்விகள் மாறி மாறி வரும். எண்ணுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவே காலி அடைப்புக்குறி விட்டு, அதில் சரியான அளவைச் சொல்லை எழுதச் சொல்வது ஒன்று. கலைத்துப் போட்ட சொற்களை வாக்கியமாக அடுக்கச் சொல்வது, அல்லது ஒரு சொல்லைக் கொடுத்து அது எந்த இடத்தில் வரும் என்று கேட்பது மற்றொன்று. இரண்டையும் மனப்பாடத்தால் மட்டும் சமாளிக்கப் பார்ப்பவர்கள் ஏழாம் பாடத்திலேயே திணறிப் போவார்கள். அடைப்புக்குறிக்கு அக்கம்பக்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி விடை வாக்கியத்திலேயே கிடைத்துவிடும்.

இங்கே சீன எழுத்தோடு தமிழில் தரும் உச்சரிப்பு ஏறக்குறைய ஒத்துவருவது மட்டும்தான். ஏற்ற இறக்கத் தொனியைத் தமிழ் எழுத்து காட்டாது. அதற்குப் பாடநூலில் உள்ள பின்யினைப் பாருங்கள்.

முதலில் இடப்பக்கம் பாருங்கள்

சீனத்தில் எண்ணும் பெயரும் நேரடியாக ஒட்டாது. ‘மூன்று புத்தகம்’ என்பதற்கு 三书 என்று எழுதினால் அது தவறு. 三本书 (சான் பென் ஷூ) என்று நடுவே 本 வந்தாக வேண்டும். தமிழில் ‘மூன்று முழம் பூ’, ‘இரண்டு சீப்புப் பழம்’, ‘நான்கு பேர்’ என்று சில இடங்களில் செய்வதை அவர்கள் எண்ணும் பொருள் எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள்.

அளவைச் சொல்லைக் கேட்பது எண் மட்டுமல்ல. 这 (ஜே, இந்த), 那 (நா, அந்த), 哪 (நா, எந்த), 几 (ஜி, எத்தனை), 每 (மேய், ஒவ்வொரு) ஆகியவையும் கேட்கும். ஆகவே அடைப்புக்குறிக்கு இடப்புறம் எண்ணோ இந்த ஐந்தில் ஒன்றோ இருந்தால், அங்கே வர வேண்டியது அநேகமாக அளவைச் சொல்தான். 这( )书 என்றாலும் 五( )书 என்றாலும் விடை 本 தான்.

இடப்பக்கத்திலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. அளவைச் சொல்லுக்கு முன்னால் ‘இரண்டு’ என்பது 二 அல்ல, 两 (லியாங்). 两本书, 两个人 என்று எழுத வேண்டும். அளவைச் சொல்லைக் கொடுத்துவிட்டு எண்ணைக் காலியாக விடும் கேள்விகளில் ஆசிரியர் சோதிப்பது இதைத்தான். ஆனால் பன்னிரண்டுக்கும் இருபத்திரண்டுக்கும் 二 தான்: 十二个, 二十二个. ‘இரண்டாவது’ என்றாலும் 第二个. அளவைச் சொல்லுக்கு முன்னால் வேறு எண்ணோடு சேராமல் நிற்கும் இரண்டுதான் 两 ஆகிறது.

சில பெயர்களுக்கு முன்னால் அளவைச் சொல்லே வராது. 天 (தியென், நாள்), 年 (நியென், ஆண்டு), 岁 (சுவேய், வயது) மூன்றும் தாமே அளவைச் சொல்லாக நடப்பவை: 三天, 两年, 十八岁. ஆனால் மாதத்துக்கும் வாரத்துக்கும் பொது அளவைச் சொல்லான 个 வேண்டும். 三个月 என்றால் மூன்று மாதம். 个 விட்டுப்போய் 三月 என்று எழுதினால் அது மார்ச் மாதம் ஆகிவிடும். 我在北京住了三( )月 என்ற கேள்வியில் ‘நான் பெய்ஜிங்கில் மூன்று மாதம் தங்கினேன்’ என்பதுதான் பொருள், ஆகவே 个 எழுதுங்கள். இந்தக் கேள்வி வராத தாள் அரிது.

பிறகு வலப்பக்கம் கடைசிவரை போங்கள்

அளவைச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது பெயர்ச்சொல். அந்தப் பெயர்ச்சொல் அடைப்புக்குறியை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

那( )我昨天买的红裙子很贵。

அடைப்புக்குறிக்கு அடுத்து நிற்பது 我, அதாவது ‘நான்’. அதைப் பார்த்து, ஆளைக் குறிக்கிறது என்று நினைத்து 个 போடுபவர்கள் உண்டு. 我昨天买的 (வோ சுவோதியென் மாய் த) என்பது ‘நான் நேற்று வாங்கிய’ என்ற அடைமொழி. 红 ‘சிவப்பு’. கடைசியில் நிற்கும் 裙子 (ச்சுன்ட்ஸ, பாவாடை) தான் தலைப் பெயர். பாவாடைக்கு 条, ஆகவே விடை 那条我昨天买的红裙子.

தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு வசதி. ‘நான் நேற்று வாங்கிய அந்தச் சிவப்புப் பாவாடை’ என்று நாமும் அடைமொழிகளை முன்னால் அடுக்கி, பெயரைக் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் இது தலைகீழாகப் போகும். ஆகவே சீன வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலமாக்காமல் நேராகத் தமிழாக்குங்கள். பெயரெச்சம் வரும் இடத்தில் 的 வரும், அதைத் தாண்டிப் போனால் பெயர் கிடைக்கும்.

சில சமயம் பெயரே இருக்காது. ‘உங்களுக்கு எத்தனை டிக்கெட் வேண்டும்?’ 你要几张票? என்று ஒருவர் கேட்க, மற்றவர் 我要两( )。 என்று பதில் சொல்வார். வலப்பக்கம் முற்றுப்புள்ளிதான். அப்போது முந்தைய வரிக்குத் திரும்பிப் போய் 票 (பியாவ், டிக்கெட்) என்பதைப் பிடித்து, 张 எழுதுங்கள்.

எந்தப் பெயருக்கு எந்தச் சொல்

முதலாண்டில் இருபதுக்கும் குறைவான அளவைச் சொற்கள் போதும். அவற்றிலும் குழப்புபவை சில மட்டுமே. அவற்றைத் தனியாகப் படிக்காமல் சண்டைபோடும் ஜோடிகளாகப் படிப்பது என் வழக்கம்.

张 (ஜாங்) பரந்த தட்டையான பரப்புக்கு: காகிதம், டிக்கெட், புகைப்படம், வரைபடம், மேசை, கட்டில். 条 (தியாவ்) நீளமாக வளைந்து கிடப்பதற்கு: ஆறு, சாலை, மீன், காற்சட்டை, பாவாடை, கழுத்துத்துணி. இந்த இரண்டும் வடிவத்தைப் பார்த்தே புரியும். தொல்லை ஆடையில் ஆரம்பிக்கிறது. சட்டைக்கு 件 (ஜியென்): 一件衬衫. காற்சட்டைக்கு 条: 一条裤子. ‘ஆடை’ என்று பொதுவாகச் சொன்னால் 一件衣服. கழுத்துத்துணியை விட்டுவிட்டு, மேல் உடம்பில் போடுவது 件, இடுப்புக்குக் கீழே போடுவது 条 என்று வைத்துக்கொண்டால் முதலாண்டுத் தாளில் தவறு வராது. காலணிக்கும் காலுறைக்கும் ஜோடி என்ற பொருளில் 双 (ஷுவாங்).

இன்னொரு ஜோடி மேசையும் நாற்காலியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பொருள்கள் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் போடத் தோன்றும். மேசை பரப்பு என்பதால் 一张桌子. நாற்காலியோ பிடித்துத் தூக்கும் பொருள், அதனால் 一把椅子. 把 (பா) கைப்பிடி உள்ளவற்றுக்கும் கையில் பற்றுபவற்றுக்கும் வரும்: குடை, கத்தி, சாவி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ‘அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் உள்ளன’ என்று கேட்பது ஆசிரியர்களுக்குப் பிடித்த விளையாட்டு.

மனிதருக்கு மூன்று சொற்கள். 个 பொதுவானது. 位 (வெய்) மரியாதைக்கு: 一位老师, ஓர் ஆசிரியர். தன்னைப் பற்றிப் பேசும்போது 位 போடக் கூடாது. தமிழில் ‘நான் வந்தார்’ என்று சொல்ல மாட்டோம் அல்லவா, அதே காரணம்தான். 口 (கோவ்) குடும்பத்தில் எத்தனை பேர் என்று சொல்ல மட்டும்: 我家有五口人. வகுப்பறையில் இருபது மாணவர் என்றால் 口 வராது, 二十个学生 தான். அங்கே 学生们 என்று பன்மை விகுதி சேர்க்கவும் கூடாது. எண் வந்தால் 们 போய்விடும்.

புத்தகத்துக்கு 本, வண்டிக்கு 辆 (லியாங்), பூனைக்கும் பறவைக்கும் 只 (ஜி), தேநீருக்கு 杯 (பெய், கோப்பை), காசுக்கு 块 (குவாய்). இவற்றில் சிக்கல் இல்லை. ‘இரண்டு வண்டி’ என்று சொன்னால் 两辆车, லியாங் லியாங் சே என்று நாக்கு தட்டும். தொனி மட்டும்தான் வேறு.

எதற்கும் 个 போட்டால் என்ன என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். தெருவில் பேசும்போது 个 போட்டாலும் புரிந்துகொள்வார்கள், சீனர்களே பல இடங்களில் அப்படிப் பேசுகிறார்கள். தாளில் மதிப்பெண் கிடைக்காது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சொற்பட்டியல் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். முதல் கேள்வியிலேயே 个 போட்டுத் தீர்த்துவிட்டால் கடைசியில் உண்மையிலேயே 个 வேண்டிய இடத்துக்குக் கையில் 辆 தான் மிஞ்சும். ஆகவே பிடிவாதமான சொற்களை, அதாவது முதலாண்டுத் தாளில் அநேகமாக ஒரே வகைப் பெயரோடு சேரும் 本, 辆, 口, 块 போன்றவற்றை முதலில் நிரப்புங்கள். 个 கடைசி.

ஒரு பத்தியை நிரப்பிப் பார்ப்போம்

பட்டியலில் இருப்பவை 口, 件, 条, 辆, 块. ஒரு சொல் இருமுறை வரலாம்.

我家有四(1)人。我爸爸有一(2)自行车。上个星期六我和妈妈去商店,妈妈买了两(3)衬衫,我买了一(4)黑色的裤子。那(5)裤子很便宜,才八十(6)钱。

எங்கள் வீட்டில் நான்கு பேர், அப்பாவிடம் ஒரு சைக்கிள், போன சனிக்கிழமை அம்மாவோடு கடைக்குப் போய் அம்மா இரண்டு சட்டை, நான் ஒரு கறுப்புக் காற்சட்டை, அது மலிவு, எண்பது யுவான்தான். கதை அவ்வளவே.

முதலில் பிடிவாதக்காரர்கள். (6) இன் வலப்பக்கம் 钱, பணம், ஆகவே 块. (2) இன் வலப்பக்கம் 自行车 (ட்ஸிசிங்சே, சைக்கிள்), ஆகவே 辆. (1) இல் 人 என்பதைப் பார்த்ததும் 个 தேடுவோம், பட்டியலில் அது இல்லை. இடப்பக்கம் 我家有, ‘எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்’ என்று வருவதால் 口. (3) சட்டை, 件. (4) இல் அடைப்புக்குறிக்கு அடுத்து நிற்பது 黑色的, ‘கறுப்பு நிற’. 的 யைத் தாண்டுங்கள், 裤子 (கூட்ஸ) வரும், 条. (5) இல் எண்ணே இல்லை, 那 இருக்கிறது. அதே காற்சட்டை, அதே 条. மூன்றாவது வாக்கியத்தில் 上个星期六 என்று அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள். ‘போன சனிக்கிழமை’ என்பதில் 个 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த தாளில் அதையும் காலியாக விடுவார்கள்.

விடையைக் கணினியில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. `kuai` என்று அடித்தால் ‘வேகம்’ என்ற 快 உம் வரும், 块 உம் வரும். `yizhi` என்று அடித்தால் 一直, 一只, 一支 எல்லாம் வரிசையாக நிற்கும். முதலில் வருவதைச் சொடுக்கிவிட்டுப் போனால், தெரிந்த விடையும் தவறாகப் பதிவாகும்.

சொல் வரிசை: தமிழில் சொல்லிவிட்டு வினையை நகர்த்துங்கள்

கலைத்துப் போட்ட சொற்கள்: 两本书 / 昨天 / 看了 / 我 / 在图书馆

பல பேர் சீனத்தை ஆங்கிலப் பாடநூல் வழியாகக் கற்பதால் ஆங்கில வரிசையில் 我看了两本书在图书馆昨天 என்று எழுதுவார்கள். முழுத் தவறு. தமிழில் சொல்லிப் பாருங்கள்: நான் / நேற்று / நூலகத்தில் / இரண்டு புத்தகம் / படித்தேன். இதில் ‘படித்தேன்’ என்பதை மட்டும் எடுத்து ‘இரண்டு புத்தகம்’ என்பதற்கு முன்னால் வையுங்கள். 我昨天在图书馆看了两本书。 முடிந்தது. எழுவாய், காலம், இடம் மூன்றும் தமிழில் இருந்தபடியே இருக்கின்றன. இடத்துக்குத் தமிழ் ‘இல்’ என்று பின்னால் ஒட்டும், சீனம் 在 (ட்ஸாய்) என்று முன்னால் வைக்கும், அவ்வளவுதான் வேற்றுமை. 昨天 என்பதை 我 க்கு முன்னால் வைத்தாலும் சரி.

கேள்விச் சொல்லும் நமக்கு வசதியே. ‘நீ என்ன வாங்கினாய்?’ என்பதில் ‘என்ன’ பொருளின் இடத்திலேயே இருப்பதுபோல் 你买了什么? என்பதிலும் 什么 வாக்கியத் தொடக்கத்துக்கு ஓடுவதில்லை. ‘போனாயா’ என்பதன் ‘ஆ’ போல 吗 (மா) கடைசியில் வரும். 什么 இருக்கும் கேள்வியில் 吗 சேர்க்காதீர்கள்.

‘கடைக்குப் போய்ச் சட்டை வாங்கினாள்’ என்பதும் இதே வழிதான். 她去商店买了衬衫. முதலில் போவது, பிறகு வாங்குவது, நடந்த வரிசையில் வினைகள். போகும் இடம் மட்டும் 去 க்குப் பின்னால்.

இந்த நகர்த்தும் வித்தை மூன்று இடங்களில் போதாது. தவறுகள் குவிவதும் அங்கேதான்.

முதலாவது, நேர அளவு. ‘நான் தினமும் இரவு ஒரு மணி நேரம் சீனம் படிக்கிறேன்.’ தமிழில் ‘தினமும் இரவு’, ‘ஒரு மணி நேரம்’ இரண்டும் வினைக்கு முன்னால் இருக்கின்றன. சீனத்தில் பிரிந்துவிடும்: 我每天晚上学一个小时汉语。 எப்போது என்பது வினைக்கு முன், எவ்வளவு நேரம் என்பது வினைக்குப் பின். சொற்களை அடுக்கும் முன் இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எதிர்மறை. தமிழில் ‘இல்லை’, ‘மாட்டேன்’ எல்லாம் கடைசியில் வரும். சீனத்தில் 不 (பூ), 没 (மேய்) வினைக்கு முன். இடமும் சேர்ந்து வந்தால் இன்னும் முன்னால் போகும். கேள்வி இப்படி இருக்கும்: 我(①)在家(②)吃(③)饭, கொடுத்த சொல் 不. வினையை ஒட்ட வேண்டும் என்று நினைத்து ② எழுதுவார்கள். விடை ①. 我不在家吃饭, ‘நான் வீட்டில் சாப்பிடுவதில்லை’. 在家 என்பதற்கும் முன்னால் 不 நிற்கிறது.

மூன்றாவதுதான் தமிழருக்கென்றே வைத்த பொறி: ‘உம்’. ‘நானும் தேநீர் குடிப்பேன்’, ‘நான் தேநீரும் குடிப்பேன்’ இரண்டிலும் ‘உம்’ வேறு வேறு சொல்லோடு ஒட்டுகிறது. அதை அப்படியே கொண்டுபோய் 也我喝茶 என்றோ 我喝也茶 என்றோ எழுதத் தோன்றும். இரண்டும் தவறு. 也 (யே) பெயரோடு ஒட்டாது, எழுவாய்க்குப் பின், வினைக்கு முன் என்ற ஓர் இடம்தான் அதற்கு: 我也喝茶. மேலே சொன்ன இரண்டு தமிழ் வாக்கியத்துக்கும் சீனம் இதுதான், சூழலைப் பார்த்துப் பொருள் கொள்வார்கள். ‘எல்லாரும்’ என்பதற்கு வரும் 都 (தோவ்) வும் அதே இடத்தில். மூன்றும் சேர்ந்தால் வரிசை 也, 都, 不: 他们也都不喝咖啡, ‘அவர்களும் எல்லாருமே காப்பி குடிப்பதில்லை’. 不 வை 都 க்கு முன் தூக்கிப்போட்டு 不都 என்று எழுதினால் ‘சிலர் மட்டுமே குடிப்பார்கள்’ என்று பொருள் மாறிவிடும். இலக்கணப் பிழை இல்லாததால் கண்ணில் படாமலே போகும்.

இடத்தைத் தொடக்கத்தில் வைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘மேசை மேல் மூன்று புத்தகம் இருக்கிறது’: 桌子上有三本书. தமிழ் வரிசையில் ‘இருக்கிறது’ மட்டும் 有 ஆகி முன்னால் வந்திருக்கிறது. இங்கே தொடக்கத்தில் 在 சேர்க்காமல் விடுவதே வழக்கம். ‘அந்தப் புத்தகம் மேசை மேல் இருக்கிறது’ என்று தெரிந்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் 那本书在桌子上. கொடுத்த சொற்களில் 有 இருக்கிறதா 在 இருக்கிறதா என்று பார்த்தாலே எது முதலில் வரும் என்று தெரிந்துவிடும்.

தாளைக் கொடுக்கும் முன்

ஒவ்வொரு வரியிலும் எண்ணைத் தேடி அதற்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். அங்கே நேராகப் பெயர் நின்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. 天, 年, 岁 போன்றவை என்றால் மட்டும் விடலாம். பிறகு வினையைக் கண்டுபிடித்து அதற்குப் பின்னால் எப்போது என்று காட்டும் காலச் சொல்லோ 在 வோடு வந்த இடமோ தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் முன்னால் இழுங்கள். 住在北京 போல 住 க்குப் பின்னால் 在 வருவது சரியான வழக்கு, அதைத் திருத்தாதீர்கள்.

சில கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரி. நாய்க்கு 一只狗 என்றும் சொல்வார்கள், 一条狗 என்றும் சொல்வார்கள். தைவான் பாடநூலில் வண்டிக்கு 辆 க்குப் பதில் 台 இருக்கலாம். விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தால், உங்கள் பாடநூல் எதைச் சொல்லியிருக்கிறது என்று அந்தப் பாடத்தின் சொற்பட்டியலில் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்.